குழுப்படத்தில் ஒரு முகம்: இரயில்வே பணிப்பதிவேடுகளும் சீருடையும் தரும் சான்றுகள்

முன்னுரை

பழைய அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் எடுக்கப்பட்ட குழுப்படங்கள் இன்று பல குடும்பங்களில் உள்ளன. படத்திலுள்ள முகங்கள் தெளிவாக இருப்பினும் எந்த முகம் யாருடையது என்பது பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். இத்தகைய படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டுமாயின் அதிலிருப்போரை முதலில் அடையாளங்காண வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று உடை, மற்றொன்று பணியாளர் ஆவணம். உடை ஒருவரின் பதவியைக் காட்டும், பெயரைக் காட்டாது. ஆவணம் பெயரையும் பதவியையும் தரும், முகத்தைத் தராது. இவ்விரண்டையும் படம் எடுக்கப்பட்ட நாளில் ஒருங்கே நிறுத்தினால்தான் ஒரு முகத்துக்கு ஒரு பெயரைச் சூட்ட இயலும். இதனை ஓர் இரயில் நிலையக் குழுப்படத்தின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு உட்பட்ட குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி ஊர்ப்பெயரும் ஆட்பெயர்களும் தவிர்க்கப்படுகின்றன.

படமும் அதன் பின்னணியும்

சென்னை இரயில்வேயின் பெரும்பகுதியும் தென் மராட்டா இரயில்வேயும் 1908ஆம் ஆண்டு இணைக்கப்பட்டு, ‘மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வே’ என்னும் நிறுவனம் உருவாயிற்று. சென்னையிலிருந்து இராயலசீமை வழியாக இராய்ச்சூர் செல்லும் அகலப்பாதையும், குண்டக்கல்லில் சந்திக்கும் மீட்டர் பாதைகளும் இதன்கீழ் வந்தன. அரக்கோணம், பெரம்பூர் முதலிய ஊர்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இப்பாதைகளின் நிலையங்களுக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே தங்கின. இந்நிறுவனத்தின் நிருவாகத்தை 1944இல் அரசு ஏற்றது. 1951 ஏப்ரல் 14ஆம் நாள் இது தென்னிந்திய இரயில்வேயுடனும் மைசூர் அரசு இரயில்வேயுடனும் சேர்ந்து தென்னக இரயில்வே ஆயிற்று.

நாம் காணும் படம் இப்பாதையில் இராயலசீமைப் பகுதியிலுள்ள ஒரு சந்திப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டது. கெட்டி அட்டையில் ஒட்டப்பட்ட அப்படத்தில் 23 பேர் உள்ளனர். எழுவர் நாற்காலிகளில் அமர்ந்துள்ளனர்; பதினாறு பேர் இரு வரிசையாக நிற்கின்றனர். நடுநாற்காலியில் இருப்பவர் கழுத்தில் மாலை உள்ளது. அட்டையில் ஆண்டு இல்லை. பின்புறத்தில் பென்சிலால் தமிழில் ஒரு பெயரும், ‘உட்கார்ந்திருப்பவர், வலமிருந்து இரண்டாவது’ என்னும் குறிப்பும் உள்ளன. அப்பெயர் படத்தை வைத்திருக்கும் குடும்பத்துப் பாட்டனாரின் பெயரே. ஆகவே கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தான்களும் சின்னம் பதித்த தொப்பியும் அணிந்து அமர்ந்திருக்கும் அவரே தம் பாட்டனார் என்றும், அவர் உதவி நிலைய அதிபராக இருந்தார் என்றும் பேரர்கள் நம்பி வந்தனர். அப்பாட்டனாரின் மகள் ஒருவர், எண்பது அகவையைக் கடந்தவர், இதனை ஏற்கவில்லை. “எங்கப்பா நாற்காலியிலே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை” என்பதே அவர் திரும்பத் திரும்பக் கூறியது. முதுமையின் மறதி என்று அதனை வீட்டார் ஒதுக்கிவிட்டனர்.

படம் எடுக்கப்பட்ட நாள்

எவ்வகைத் தேடலுக்கும் முன்னர் படத்தின் காலத்தை வரையறுத்தாக வேண்டும். பணியாளர் பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறுவன. தவறான ஆண்டின் பட்டியலில் தேடினால் இல்லாதவர் இருப்பார், இருந்தவர் இரார்.

பேரர்கள் இப்படத்தை 1940ஐ ஒட்டியது என்று கருதியிருந்தனர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அமர்ந்திருப்போர் இருவரின் பொத்தான்களில் பழைய நிறுவனத்தின் எழுத்துகள் தெரிந்ததே அதற்குக் காரணம். இங்கு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொத்தானிலுள்ள எழுத்து, ‘இதற்கு முன் அன்று’ என்ற எல்லையை மட்டுமே தரும். ‘இதற்குப் பின் அன்று’ என்ற எல்லையைத் தராது. துணி கிழிந்தால் கோட்டு மாறும். பித்தளைப் பொத்தானோ கழற்றிப் புதுக்கோட்டில் தைக்கத் தக்கது. ஆகவே பழைய எழுத்துகளைக் கொண்ட பொத்தான் 1908க்குப் பிற்பட்டது என்பதற்கு மேல் எதனையும் உறுதிப்படுத்தாது. படத்தில் ஒருவரது தொப்பிச் சின்னத்தில் தென்னக இரயில்வேயின் சுருக்கெழுத்துகள் உள்ளன. அந்த ஒரு தொப்பியே படத்தை 1951க்குப் பின்னர்க் கொண்டு நிறுத்துகிறது. பல உடைகளுள் காலத்தால் பிந்திய உடையே படத்தின் காலத்தை முடிவு செய்யும் என்பது இதனால் பெறப்படும்.

சரியான நாளை மாலை காட்டுகிறது. மாலையிட்டு நடுவில் அமர்த்தி எடுக்கும் படம் பெரும்பாலும் பிரிவுபசாரப் படமே. மாற்றலாகிச் செல்பவருக்கும் இது நிகழலாம்; எனினும் நடுவிலிருப்பவரின் நரைத்த தலை ஓய்வையே சுட்டுகிறது. 1962 டிசம்பர் வரை ஓய்வுபெறும் அகவை 55. அதன்பின்னரே 58 ஆயிற்று. மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறும் இன்றைய முறை 1970களில் வந்தது. அதற்கு முன்னர் 55 நிறையும் நாளை ஒட்டியே பணி முடிந்தது. எனவே நிலைய அதிபரின் பிறந்தநாள் கிடைத்தால் படத்தின் நாளும் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பணிமூப்புப் பட்டியல்களில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பிறந்தநாள், பணியில் சேர்ந்த நாள், அப்பதவிக்கு வந்த நாள் ஆகியன தரப்பட்டிருக்கும். 1951க்கும் 1962க்கும் இடையில் அந்நிலையத்தில் அதிபராக இருந்து 55 நிறைந்து ஓய்வு பெற்றவர் ஒருவரே. அவர் 1901 ஜூன் இரண்டாம் வாரத்தில் பிறந்தவர். ஆதலின் படம் 1956 ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டியது எனக் கொள்ளலாம்.

நிறம் அற்ற படத்தில் சீருடை

இனி உடையை நோக்குவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நேரே காண இயலாது. வெளுப்பும் கருமையும் மட்டுமே தெரியும். அவ்வெளுப்பும் கருமையும்கூட ஏமாற்றக்கூடியன. அக்காலக் கலைக்கூடங்களில் வழங்கிய ஒருவகைத் தகடுகள் செந்நிற ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். குங்குமப்பொட்டு மைப்பொட்டுப் போலத் தோன்றும். இதனை அறியாதவர் நீலக் கோட்டினரை வெள்ளைக் கோட்டினர் எனவும், சிவப்புச் சட்டையினரைக் கறுப்புச் சட்டையினர் எனவும் வகைப்படுத்திவிடுவர்.

ஒரு படம் எவ்வகைத் தகட்டில் எடுக்கப்பட்டது என்பதை அறிய, நிறம் நமக்கு முன்பே தெரிந்த பொருள் ஒன்று படத்தில் இருக்க வேண்டும். இரயில் நிலையப் படத்தில் அது எளிதில் கிடைக்கிறது. நிற்பவர்களுள் ஒருவர் கையில் சுருட்டிய கொடிகள் இரண்டு உள்ளன. ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை என்பதில் ஐயமில்லை. படத்தில் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று நடுத்தரச் சாம்பலாகவும் உள்ளது. ஆகவே செந்நிறம் பதியாத தகடே இங்குப் பயன்பட்டுள்ளது. இம்முடிவின் துணையோடு பார்த்தால், கறுப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் அணிந்து ஓரத்தில் நிற்கும் இருவர் சிவப்புச் சட்டையினரான உரிமம் பெற்ற சுமைகூலிகள் என்பது புலனாகும். இவர்கள் இரயில்வேயின் சம்பளப் பணியாளர் அல்லர். பயணியரிடம் கூலி பெறுவோர். ஆதலின் எந்தப் பணிமூப்புப் பட்டியலிலும் இவர்கள் இடம்பெறார்.

வெள்ளையை உறுதி செய்ய மற்றொரு பொருளை ஒப்பிட வேண்டும். நாற்காலியில் இருக்கும் தலைமை எழுத்தரின் வேட்டி ஐயமின்றி வெள்ளை. அவ்வேட்டியின் வெளுப்போடு ஒத்திருப்பவை நாற்காலியில் உள்ள நால்வரின் கோட்டுகளும், நிற்பவருள் கார்டுகள் இருவரின் கோட்டுகளுமே. நிற்பவருள் மேலும் எழுவர் வெளிறிய கோட்டு அணிந்துள்ளனர். ஆனால் அவை வேட்டியைவிட ஒரு படி மங்கலாக உள்ளன. அவை காக்கியோ நீலமோ, எதுவாயினும் வெள்ளை அல்ல. இவ்வெழுவர் இடுப்பிலும் பட்டையும் அதில் பித்தளைத் தகடும் உள்ளன. எஞ்சிய ஐவர் சீருடையின்றிக் கோட்டும் வேட்டியுமாக நிற்கும் எழுத்தர்கள்.

இங்ஙனம் 23 பேரும் பிரிக்கப்பட்டனர்: நிலைய அதிபர், சீருடை இல்லாத ஆய்வாளர் ஒருவர், தலைமை எழுத்தர், உதவி நிலைய அதிபர்கள் நால்வர், கார்டுகள் இருவர், எழுத்தர் ஐவர், பட்டையணிந்த கடைநிலைப் பணியாளர் எழுவர், சுமைகூலிகள் இருவர். பெயர்கள் இன்னும் வரவில்லை. இடங்கள் மட்டும் வகுக்கப்பட்டுள்ளன.

ஒரே பெயர் கொண்ட இருவர்

பாட்டனாரைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியிருந்த ஆவணம் ஒன்றே. 1961இல் அவர் ஓய்வு பெற்றபோது வருங்கால வைப்பு நிதியைத் தீர்த்துக் கொடுத்த தாள் அது. அதில் பதவி ‘பாயிண்ட்ஸ்மேன்’ என்றுள்ளது. அதாவது தண்டவாளங்களின் பிரிவுமுனைகளை மாற்றி வண்டியை உரிய பாதைக்கு அனுப்புபவர். ஓய்வூதியத் திட்டம் இரயில்வேயில் 1957இல் வந்தபோது பழைய வைப்பு நிதி முறையிலேயே தொடர விரும்பியவர்கள் அவ்வாறே இருக்கலாம் என்ற வாய்ப்பும் இருந்தது. பாட்டனார் பழைய முறையிலேயே நின்றுவிட்டார். இது ஆய்வுக்கு ஓர் இழப்பாகும். ஓய்வூதியம் பெற்றவராயின் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் அவரது கோப்பில் இருந்திருக்கும்; முகத்தை முகத்தோடு ஒப்பிட முடிந்திருக்கும்.

பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் வெள்ளைக் கோட்டும் சின்னத் தொப்பியும் அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் படத்தின் பின்னுள்ள குறிப்பு அவர் பெயரையே தருகிறது. இம்முரணைத் தீர்த்தது பணிமூப்புப் பட்டியல். 1956இல் அந்நிலையத்தில் இருந்த உதவி நிலைய அதிபர் ஐவருள் ஒருவரின் பெயரும் அதுவே.

தமிழர் பெயரிடும் முறையை அறியாதார்க்கு இஃது அரிய நிகழ்ச்சியாகத் தோன்றும். தமிழரிடையே குடும்பப் பெயர் இல்லை. இயற்பெயரும் அதன் முன் தந்தை பெயரின் முதலெழுத்துமே உண்டு. வழிபடு தெய்வங்களின் பெயர்களை வைக்கும் வழக்கத்தால் ஒரே இயற்பெயர் ஒரு நிலையத்தில் மூவருக்குக்கூட இருக்கலாம். பட்டியலைத் தட்டச்சு செய்த எழுத்தர் தெலுங்கரோ கன்னடரோ ஆயின் முதலெழுத்து விடுபடுவதும் உண்டு. ‘சாமி’ என முடியும் பெயர் ஓரிடத்தில் ‘சுவாமி’ எனவும் வேறோரிடத்தில் ‘ஸ்வாமி’ எனவும் மாறுவதும் உண்டு. ஆகவே தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை பெயர் ஒத்துப்போவது சான்றாகாது. தந்தையின் முழுப்பெயரே ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரிக்கும். அது பணிமூப்புப் பட்டியலில் இராது; பணிப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் இருக்கும்.

‘சர்வீஸ் ரிஜிஸ்டர்’ எனப்படும் பணிப்பதிவேடு ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனியே வைக்கப்படுவது. அதன் முதற்பக்கம் இத்தகைய ஆய்வுக்கு மிகவும் பயன்படத்தக்கது. பெயர், தந்தை பெயர், ஊர், பிறந்தநாள், அளந்து குறித்த உயரம், உடலிலுள்ள அடையாளக்குறிகள், கையொப்பம், இடக்கை விரற்பதிவுகள் ஆகியன அதில் இடம்பெறும். இப்பதிவேடுகள் பணி முடிந்து கணக்குத் தீர்ந்த பின்னர்க் குறிப்பிட்ட காலம் வரையே காக்கப்படுவன, பின்னர் அழிக்கப்படுவன. மேலும் நிருவாகப் பிரிவுகள் மாறுந்தோறும் இவை இடம்பெயரும். இப்பாதைகளில் 1956இல் கோட்டங்கள் அமைந்தன. 1966இல் தென் மத்திய இரயில்வே உருவானபோது விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களும், 1977இல் குண்டக்கல் கோட்டமும் அதன்கீழ்ச் சென்றன. எனவே நிலையம் இன்று இருக்கும் மண்டலத்தில் மட்டும் தேடுவது போதாது. ஒருவர் ஓய்வு பெற்ற ஆண்டில் அந்நிலையம் எதன்கீழ் இருந்தது என்பதிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். நம் படத்தைச் சார்ந்த கடைநிலைப் பணியாளர் பலரின் பதிவேடுகள் ஒரே கட்டாகத் தப்பியிருந்தது நற்பேறு என்றே கூற வேண்டும்.

பாட்டனாரின் பதிவேட்டில் தந்தை பெயர் வைப்பு நிதித் தாளோடு ஒத்திருந்தது. கையொப்பம் இடவேண்டிய கட்டத்தில் பெருவிரல் பதிவு இருந்தது. அவர் எழுதத் தெரியாதவர். இதனால் படத்தின் பின்னுள்ள பென்சில் குறிப்பு அவர் எழுதியதன்று என்பது தெளிவாயிற்று. அக்குறிப்பு பொய்யும் அன்று. வலமிருந்து இரண்டாவதாக அமர்ந்திருப்பவர் அப்பெயருடைய உதவி நிலைய அதிபரே என்று கொள்வது எல்லாச் சான்றுகளோடும் பொருந்துகிறது. ‘வலம்’ என்பது பார்ப்பவருடையதா, படத்திலிருப்பவருடையதா என்ற ஐயம் எழலாம். இப்படத்தில் இருபுறமும் இரண்டாவது நாற்காலியில் வெள்ளைக் கோட்டினரே உள்ளமையால், எவ்வாறு கொள்ளினும் குறிப்பு ஓர் உதவி நிலைய அதிபரையே சுட்டும்.

நிற்பவர்களுள் அவர் யார்?

இனிப் பாட்டனார் பட்டையணிந்த எழுவருள் ஒருவரா என்பதே வினா. 1956ஆம் ஆண்டின் பட்டியலில் அந்நிலையத்துக் கடைநிலைப் பணியாளர் பதினால்வர் உள்ளனர். படத்தில் எழுவரே உள்ளனர். இது வியப்பன்று. பிரிவுபசாரத்துக்காக வண்டிகள் நிற்பதில்லை. முறைப்பணியில் இருந்தோரும் இரவுப்பணி முடித்து உறங்கியோரும் படத்தில் இரார். ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் படத்தில் இருப்பதாகக் கொள்ளலாகாது.

பதினால்வருள் அறுவர் முப்பத்தைந்து அகவைக்கு உட்பட்டவர். எண்மர் நாற்பதைக் கடந்தவர். பாட்டனார் அப்போது ஐம்பதை எட்டியிருந்தார். கடைநிலைப் பணியாளரின் பிறந்தநாள் பல நேரங்களில் சேரும்போது மதிப்பிட்டு எழுதப்பட்டதாகையால் ஓரிரு ஆண்டு வேறுபாட்டைப் பெரிதுபடுத்தலாகாது. ஆயினும் இருபத்தைந்தையும் ஐம்பதையும் முகத்தில் பிரித்தறியலாம். படத்தின் எழுவருள் மூவர் ஐயமின்றி இளைஞர். எஞ்சியவர் நால்வர்.

அந்நால்வரும் ஒரே வரிசையில், ஒரே தரையில், தொப்பியும் தலைப்பாகையுமின்றி நிற்கின்றனர். அவர்களுள் இருவர் மற்ற இருவரைவிட ஏறத்தாழ அரைத்தலை உயரம் மிகுந்தவர். பாட்டனாரின் பதிவேட்டில் உயரம் 5 அடி 3 அங்குலம். நாற்பதைக் கடந்த எண்மருள் 5 அடி 4 அங்குலமும் அதற்குக் குறைவும் உடையவர் மூவர். மற்ற ஐவரும் 5 அடி 6 அங்குலத்துக்கு மேற்பட்டவர். படத்திலிருந்து உயரத்தை அங்குலக் கணக்கில் அளக்க முயல்வது பயனற்றது. நிற்கும் நிலையும் காமிராவிலிருந்து உள்ள தொலைவும் அதனைக் கெடுக்கும். அருகருகே நிற்போருள் நெட்டையரையும் குட்டையரையும் பிரிப்பதற்கு மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். எனவே குட்டையான இரு முகங்களுக்கு மூன்று பெயர்கள் எஞ்சின.

இம்மூவருள் ஒருவரின் பதிவேட்டிலுள்ள விடுப்புக் கணக்கு 1956 ஜூன் 4 முதல் 23 வரை அவர் விடுப்பில் இருந்ததைக் காட்டுகிறது. அதே நாள்களுக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் அரக்கோணம் சென்றுவர இலவசப் பயணச்சீட்டு வழங்கப்பட்ட குறிப்பும் உண்டு. விடுப்பில் இருப்பவர் ஊரிலேயே இருந்து படத்துக்கு வந்து நிற்கலாம். பயணச்சீட்டு வாங்கியவர் அங்ஙனம் நின்றிருத்தல் அரிது. அவரை நீக்கினால் இரு முகங்களுக்கு இரு பெயர்கள்: பாட்டனாரும் மற்றொரு பாயிண்ட்ஸ்மேனும்.

இவ்விருவரையும் பிரிப்பதற்கு அடையாளக்குறிகளை நாடினேன். பாட்டனாருக்கு வலக்கன்னத்தில் மச்சம் என்று பதிவேடு கூறுகிறது. படத்தில் இருவர் கன்னத்திலும் மச்சம் இல்லை. இதனைக்கொண்டு இருவரும் அவரல்லர் என்று முடிவு செய்வது தவறாகும். அக்காலக் கலைஞர்கள் அச்சிடுமுன் எதிர்ப்படத்தில் பென்சிலால் முகங்களைத் திருத்துவது வழக்கம். மச்சமும் தழும்பும் அம்மைவடுவும் அதில் மறைந்துவிடும். முகத்திலுள்ள குறி படத்தில் இருந்தால் சான்றாகும், இல்லாமை சான்றாகாது.

திருத்தப்படாதது கை. மற்றவரின் பதிவேட்டில், வண்டிப் பெட்டிகளைக் கோக்கும்போது நேர்ந்த விபத்தில் இடக்கைச் சுண்டுவிரலின் முதற்கணுவை அவர் இழந்ததும், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அவருக்குத் தொகை வழங்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. விபத்து நிகழ்ந்தது 1949இல். ஆகவே படத்தில் அக்குறை இருந்தாக வேண்டும். படத்தில் இருவரும் கைகளை மார்பின் குறுக்கே கட்டியுள்ளனர். இடப்பக்கம் நிற்பவரின் ஒரு கை விரல்கள் மேலே தெரிகின்றன. அதில் சுண்டுவிரல் குட்டையாக முடிகிறது. அது இடக்கையா என்பதை உறுதி செய்ய வேண்டியிருந்தது. எதிர்ப்படத்தைத் திருப்பிவைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். ஆடவர் கோட்டில் அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படியும். இப்படத்தில் எல்லாக் கோட்டுகளும் அவ்வாறே உள்ளன. ஆதலின் அச்சு நேரானதே. விரல் குறைந்த கை இடக்கையே. எனவே அவர் மற்றவர். அவருக்கு அடுத்து, கொடிகளைக் கக்கத்தில் இடுக்கியவாறு கைகட்டி நிற்பவரே பாட்டனார்.

முடிவின் வலுவும் எல்லையும்

இம்முடிவு ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது. படத்திலுள்ள பட்டையணிந்த எழுவரும் அந்நிலையத்துப் பட்டியலிலுள்ளவரே என்பதே அது. விடுப்பில் சென்றோருக்கு மாற்றாகப் பிற நிலையங்களிலிருந்து வந்தவர் ஒருவர் அன்று படத்தில் நின்றிருந்தால் கணக்கு மாறும். விரல் இழந்தவரைப் பொறுத்தவரை முடிவு மிக உறுதியானது. பதிவேட்டின் குறியும் படத்தின் குறியும் நேரே பொருந்துகின்றன. பாட்டனாரைப் பொறுத்தவரை முடிவு விலக்கல் முறையால் பெறப்பட்டது. ஆதலின் ஒரு படி தாழ்ந்தது. வலமிருந்து இரண்டாவதாக அமர்ந்திருப்பவர் அவரல்லர் என்பதோ முழு உறுதி பெற்றது. இம்மூன்றையும் ஒரே அளவு உறுதியோடு கூறுவது ஆய்வு நெறி ஆகாது. படத்தின் பின்புறத்தில் புதிய குறிப்பு எழுதுவோர், பெயரோடு அது எதனால் பெறப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதிவைத்தல் வேண்டும். பழைய பென்சில் குறிப்பை அழிக்கலாகாது. அது வேறொருவரைப் பற்றிய உண்மைச் செய்தி.

இம்முடிவு பேரர்களுக்கு முதலில் மகிழ்ச்சி தரவில்லை. உதவி நிலைய அதிபராக ஐம்பது ஆண்டுகள் வீட்டில் வழங்கிய ஒருவர் பாயிண்ட்ஸ்மேன் ஆனார். மகளாருக்கு அதில் வியப்பில்லை. நிற்பவரின் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது முகத்தை விட்டுவிட்டுக் கொடிகளையே அவர் தொட்டுப் பார்த்தார். “இப்படித்தான் கக்கத்திலே வைச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவார்” என்றார். அவரது முந்தைய கூற்றை நாம் தொடக்கத்திலேயே சான்றாகக் கொண்டிருந்தால் நாற்காலிகளில் செலவிட்ட காலம் மிஞ்சியிருக்கும். வாய்மொழிச் சான்றுகளுள் பெருமையைக் கூட்டுவதைவிடக் குறைப்பதற்கு மதிப்பு மிகுதி என்பது இதனால் தெரிகிறது. பெருமையைக் குறைத்துக் கூற எவருக்கும் எளிதில் காரணம் இருப்பதில்லை.

முடிவுரை

இரயில்வே நிறுவனங்களின் உயர் அலுவலரைத் தேடுவோர்க்கு வழி எளிது. தாக்கர் இந்திய டைரக்டரியும் சென்னையின் அசைலம் அச்சக ஆண்டுக்குறிப்பும் அவர்கள் பெயர்களை ஆண்டுதோறும் அச்சிட்டன. இங்கிலாந்தில் ஒப்பந்தமாகி வந்தோரின் ஆவணங்கள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் உள்ளன. நிரந்தரப் பணியிலிருந்த கடைநிலையாளரைத் தேடுவோர்க்குப் பணிப்பதிவேடு உண்டு, அது தப்பியிருந்தால். அவரது உயரமும் மச்சமும் இழந்த விரலும்கூட அதில் உண்டு. நிறுவனம் தன் பணியாளை ஆள்மாறாட்டமின்றி அறிந்துகொள்ளக் குறித்துவைத்த அவை, அறுபது ஆண்டுகள் கழித்து அவரை அவருடைய வீட்டாருக்கு அடையாளங்காட்டப் பயன்பட்டன.

அப்பதிவேட்டுக்கும் வெளியே நின்றவர்கள் உண்டு. படத்தின் ஓரத்திலுள்ள சுமைகூலிகள் இருவருள் ஒருவரின் கை வில்லையில் 14 என்னும் எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. மற்றவருடையது ஒளிபட்டு மறைந்துள்ளது. அவ்வெண்களுக்குரிய உரிமப் பதிவேடு கிடைக்கவில்லை. 23 பேருள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத அவ்விருவரும் இப்போதைக்கு அடையாளம் காணப்படாதவராகவே இவ்வாய்வில் நிறுத்தப்படுகின்றனர். அவர்களை அறிந்தவர் எவரேனும் அவ்வூரில் இன்னும் இருத்தல் கூடும்.